நூற்றெண்பத்தொன்றாவது ஆள்

2018 மார்ச் 19, திங்கட்கிழமை, காலை ஐந்து ஐம்பத்திரண்டுக்குக் கோயம்புத்தூரில் நின்றிருந்த கொண்டல் ஏர் விமானத்தில் நூற்றெண்பத்தொரு பேர் இருப்பதாக எண்ணிச் சொன்னவள் பெனிலா. விமானத்தில் நூற்றெண்பது இருக்கைகள்தான் இருந்தன, விற்றதும் நூற்றெண்பது டிக்கெட்தான்.

“தூக்கக் கலக்கத்துல எண்ணாதடி, முகத்தைக் கழுவிட்டு வந்து எண்ணு” என்றாள் முன்கதவில் நின்ற தமயந்தி. பெனிலா மார்த்தாண்டத்துப் பெண், வயது இருபத்திரண்டு, வேலைக்குச் சேர்ந்து பதினேழாவது நாள், உள்ளே நடையில் நின்று வருகிறவர்களுக்கு இருக்கை காட்டுகிறவள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி எண்ணினாள். நூற்றெண்பத்தொன்று. தமயந்தி எண்ணுமானியைப் பிடுங்கிக்கொண்டு கடைசி வரிசையிலிருந்து முன்னால் வந்தாள், தலைக்கு ஒரு அழுத்து, மடிக்குழந்தைகள் தனிக்கணக்கு, இரண்டு கழிப்பறையும் திறந்து பார்த்தாயிற்று. நூற்றெண்பத்தொன்று. இருக்கை இருக்கையாகப் பார்த்தால் ஓர் இருக்கைக்கு ஓர் ஆள்தான், ஒருவர் மடியில் ஒருவர் இல்லை, நடையில் யாரும் நிற்கவில்லை, ஒவ்வொருவர் கையிலும் அவரவர் போர்டிங் பாஸ் இருந்தது. ஆனால் தலையை எண்ணினால் ஒன்று கூடியது. ஐந்து முறை எண்ணி, நாற்பது நிமிடம் தாமதமாகி, கடைசியில் கேப்டன் எரிச்சலோடு எழுபத்தைந்து கிலோவை எடைக்கணக்கில் கூட்டி எழுதிக்கொண்டு கிளம்பினார். சென்னையில் இறங்கியவர்கள் நூற்றெண்பது பேர்.

மறுநாளும் அப்படியே நடந்தது. அடுத்த வாரம் பெனிலாவை வேறு விமானத்துக்கு மாற்றினார்கள், அந்த விமானத்தில் ஒருவர் கூடினார். விடுப்பில் ஊருக்குப் போனாள், மூன்று நாளும் கணக்கு சரியாக இருந்தது. திரும்பி வந்தாள், கூடியது. வேலைக்கு வந்த இடத்தில் வேலை நடந்தாக வேண்டும் என்பதால், விமான நிலையத்தில் யாரும் அதிகநாள் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருக்கவில்லை. எடைக்கணக்குப் போடும் பிரிவு தன் மென்பொருளில் ஒரு புதிய கட்டம் சேர்த்து அதற்கு வேறு பெயர் தோன்றாமல் ‘பெனிலா’ என்றே பெயர் வைத்தது. சாப்பாடு ஏற்றுகிறவர்கள் ஓர் உப்புமாக் கோப்பை அதிகமாக ஏற்றினார்கள், அது ஒவ்வொரு முறையும் காலியாகித்தான் இறங்கியது. பாதுகாப்புப் படையினர் ஒரு மாதம் சந்தேகப்பட்டு, மோப்ப நாயைக் கொண்டுவந்து, நாய் எல்லா வரிசையிலும் வாலை ஆட்டிவிட்டுப் போனதும் விட்டுவிட்டார்கள்.

பயணிகள் அதைவிட விரைவாகப் பழகிக்கொண்டார்கள். அந்த ஒருவர் யார் என்று யாருக்கும் தெரியாததால் ஒவ்வொருவரும் அது தன்னைவிட்டுப் போன ஆள்தான் என்று எடுத்துக்கொண்டார்கள். பீளமேட்டிலிருந்து ஓர் அம்மாள் வெள்ளிதோறும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து, வேறு வேலை எதுவும் இல்லாமல் சென்னை வரை போய்த் திரும்பினாள். இறங்கும்போது பலர் தங்களுக்குப் பின்னால் நடையில் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டு நடந்தார்கள், அந்த இடைவெளியில் யாரும் முண்டவில்லை. இராமநாதபுரத்து நூல் வியாபாரி ஒருவர் மட்டும் கோபப்பட்டார். “மாமியார் போய்ச் சேர்ந்து மூணு வருஷமாச்சு, இப்பதான் நிம்மதியா ஜன்னலோரம் உக்காந்து வர்றேன். இதுலயும் கொண்டாந்து ஏத்தி விட்டா எப்படிம்மா?” என்றார். கோவை டாக்சிக்காரர்கள் வருகிறவர்களிடம், “இன்னிக்கு வந்தாப்லயா?” என்று கேட்டு, வந்தார் என்றால் ஏசியைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்கள்.

தமயந்திக்குத் தூக்கம் போயிற்று.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. பதினோரு வருடமாக முன்கதவில் நிற்கிறாள். ஒரு நாளைக்கு நான்கு பறப்பு, ஒரு பறப்புக்கு நூற்றெண்பது முகம், ஆக எழுநூற்றிருபது முறை ‘வணக்கம்’ சொல்லி, எழுநூற்றிருபதாவது வணக்கமும் முதல் வணக்கம் போலவே இருக்கும்படி சொல்வது அவளுடைய தொழில். அதை அவள் யாரிடமும் கற்கவில்லை, கால்வலியில் கற்றாள். ஒரே காலில் பாரத்தைப் போட்டால் ஐம்பதாவது ஆளுக்கு முகத்தில் அது தெரியும் என்று இரண்டு பாதத்திலும் சமமாக நிற்பாள். வருகிறவர் கதவுக்கு இரண்டடி தள்ளி வரும்போதே கண்ணைப் பிடித்துவிடுவாள், அருகே வந்த பிறகு பிடித்தால் அவர் குனிந்து பையைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். சொல்லி முடிக்கும்வரை அடுத்த முகத்துக்குக் கண்ணை நகர்த்த மாட்டாள், ஏனென்றால் பாதி வணக்கம் வாங்கியவர் தனக்குப் பாதிதான் கிடைத்தது என்று கண்டுபிடித்துவிடுவார். வரிசையில் அடுத்தடுத்து நிற்பவர்கள் ஒரே வாக்கியத்தைக் கேட்டால் அது வாக்கியமாகத்தான் கேட்கும் என்பதால் வணக்கம், வாங்க, காலை வணக்கம், குட் மார்னிங், நமஸ்தே, வாங்க வாங்க என்று ஆறையும் மாற்றி மாற்றிப் போடுவாள். போனில் பேசிக்கொண்டு வருகிறவருக்குத் தலையசைப்பு மட்டும், காதில் இயர்போன் செருகியிருப்பவருக்குச் சற்றே பெரிய புன்னகை, அழுதுவிட்டு வருகிறவருக்குப் புன்னகையே கிடையாது, இருக்கை எண்ணை மட்டும் தாழ்ந்த குரலில்.

முன்னால் யாரோ பெரிய பெட்டியை மேல்தட்டில் திணித்து வரிசை நின்றுபோனால், அந்த அரை நிமிடத்தில் தாடையைத் தளர்த்தி, திரைக்குப் பின்னால் வைத்திருக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மடக்குக் குடிப்பாள். நூறாவது முகத்தைத் தாண்டும்போது எல்லா முகமும் ஒரே முகமாகிவிடும், அப்போது முகத்தை விட்டுவிட்டுக் கைகளைப் பார்ப்பாள், மருதாணி, தழும்பு, மோதிரத் தடம் என்று ஏதாவது ஒன்று கண்ணில் பட்டதும் முகம் தனி முகமாகிவிடும். இவ்வளவுக்கும் நடுவில் பாஸில் தேதியும் விமான எண்ணும் சரியா, மூச்சில் மது வாடை உண்டா, காய்ச்சல் கண்ணா, எட்டாம் மாதத்து வயிறா, அவசரக் கதவோரம் உட்காரப்போகிறவர் அந்தக் கதவைத் தூக்கக்கூடியவரா என்பதையும் பார்த்து முடித்திருப்பாள். வணக்கம் சொல்ல ஒன்றரை வினாடி, பார்ப்பதற்கும் அதே ஒன்றரை வினாடி. பதினோரு வருடத்தில் அவள் எண்ணிக்கை ஒருமுறைகூடத் தவறியதில்லை. பயணிப் பட்டியல் சொன்னது எதுவோ அதுவே தலைகளும்.

இப்போது கணக்கு சரியாக வருவதை எல்லோரும் குறையாகப் பார்த்தார்கள். “அக்கா, உங்க பிளைட்ல யாரும் வரலியா?” என்று தரைப் பணியாளர்கள் கேட்கும்போது வேறு எந்த அர்த்தமும் இல்லாமல்தான் கேட்டார்கள். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

ஆகஸ்டில் சேவைப் பிரிவு மேலாளர் வேதமூர்த்தி இருவரையும் அறைக்கு அழைத்தார். ஜனவரியில் நாற்பத்திரண்டு புதியவர்கள் வருகிறார்கள், கதவில் நின்று வரவேற்பதைச் சொல்லிக்கொடுக்க முன்கதவுப் பயிற்சியாளர் என்று ஒரு பதவி போடப்போகிறோம், ஒரே ஓர் ஆள், அந்த ஆள்தான் இனிமேல் எல்லா விமானத்துக்கும் முன்கதவின் முறையை வகுக்கும் ஆள், என்றார்.

“தமயந்தி மேடம்தான் சார். எனக்கு என்ன தெரியும்?” என்றாள் பெனிலா.

“உனக்கு என்ன தெரியும்னுதான் எங்களுக்கும் தெரியல. ஆனா நீ போற பிளைட்ல சீட்டு முந்தியே நிறைஞ்சிடுது” என்று சிரித்தார் வேதமூர்த்தி. “மாத்தி மாத்தி முன்கதவுல நில்லுங்க. டிசம்பர்ல பாத்துக்கலாம்.”

பெனிலாவின் அந்த வார்த்தை நேர்மையானது என்பது தமயந்திக்குத் தெரியும். நேர்மையாக இருந்ததால்தான் அன்று முழுக்க வயிறு எரிந்தது. திமிராகப் பேசியிருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

செப்டம்பர் முழுக்க, பெனிலா முன்கதவில் நிற்கும் நாள்களில், தமயந்தி சமையல்கட்டுத் திரையோரம் கோப்பைகளை அடுக்குவதுபோல் நின்று பார்த்தாள். பெனிலா ஒற்றைக் காலில் நின்றாள். எல்லோருக்கும் ஒரே ‘வாங்க’ சொன்னாள். சில நேரம் பாஸைப் பார்க்கவே மறந்து, ஆளைப் போகவிட்டுக் கூப்பிட்டு வாங்கிப் பார்த்தாள். தொழிலாகப் பார்த்தால் நூற்றுக்கு நாற்பது. மூன்றாவது வாரம்தான் தமயந்தி அதைக் கண்டாள். தனியாக வரும் சிலரிடம் மட்டும், எல்லோரிடமும் அல்ல, பெனிலா அவர்கள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, “ஒத்தைக்கா வந்திய? அவிய வரல்லியா?” என்று கேட்டாள்.

“அது என்னடி கேள்வி?” என்று அன்று வண்டியில் போகும்போது கேட்டாள் தமயந்தி.

“எந்தக் கேள்விக்கா?”

“அவங்க வரலியான்னு.”

பெனிலா யோசித்தாள். “அது கேள்வியாக்கா? வீட்டுக்கு ஒரு ஆளு வந்தா அப்பிடித்தான கேக்கணும். வந்தவியள மட்டும் வாங்கன்னுட்டு வராதவியள விசாரிக்கல்லன்னா அம்மைகிட்ட நல்லா ஏச்சு வாங்கிக் கெட்டுவேன்.”

“கையேட்டுல இல்ல.”

“அய்யோ, நான் கேக்கதே எனக்குத் தெரியாதுக்கா. நிறுத்திரவா?”

“நான் ஒண்ணும் சொல்லல” என்றாள் தமயந்தி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

அக்டோபரிலிருந்து அவளும் கேட்டாள். ஒரு வேலையை எடுத்தால் ஒழுங்காகச் செய்கிறவள் என்பதால் ஒருவரையும் விடவில்லை, தனியாக வந்த ஒவ்வொருவரிடமும், “வணக்கம், தனியாவா வந்தீங்க, அவங்க வரலியா” என்று தெளிவான உச்சரிப்போடு, ஒன்றரை வினாடிக்குள் அடக்கி, குரல் ஏற்ற இறக்கத்தை மூன்று விதமாக மாற்றிக் கேட்டாள். கேட்டு முடித்ததும் கண் அடுத்தவரின் பாஸுக்குப் போய்விடும், ஏனென்றால் பதில் வாங்கிக்கொண்டிருந்தால் வரிசை நின்றுவிடும். “எவங்க?” என்றான் ஒரு கணினிக்காரன். “டைவர்ஸ் ஆயிடுச்சு” என்றாள் ஒருத்தி. நவம்பர் வரை கேட்டாள். நூற்றெண்பதுக்கு நூற்றெண்பது, நூற்றைம்பத்துமூன்றுக்கு நூற்றைம்பத்துமூன்று.

டிசம்பர் 3, திங்கள். சென்னையிலிருந்து கோவைக்குப் பிற்பகல் இரண்டு பத்து விமானம், எல்லா இருக்கையும் நிறைந்திருந்தது. பெனிலாவுக்கு அன்று வார விடுப்பு. மறுவாரம் வேதமூர்த்தி முடிவு சொல்லப்போகிறார். தமயந்தி எல்லோரையும் வரவேற்று முடித்தாள், கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்தாள், பிறகு திரைக்குப் பின்னால் போய், பதினோரு வருடத்தில் செய்யாத ஒன்றைச் செய்தாள். எண்ணத் தொடங்கும் முன்பே எண்ணுமானியை ஒருமுறை அழுத்திவிட்டாள். இனி நூற்றெண்பது தலையை எண்ணினால் அது நூற்றெண்பத்தொன்று என்று காட்டும். ஒருவரும் கேள்வி கேட்கப்போவதில்லை, அதற்குத்தான் கட்டமே இருக்கிறதே. ஒரே ஒரு முறை. வெறும் ஓர் அழுத்து.

கடைசி வரிசையிலிருந்து முன்னால் வந்தாள். கழிப்பறைகள் காலி. முதல் வரிசையைத் தாண்டி உள்ளங்கையைத் திறந்து பார்த்தாள். 180 என்றிருந்தது.

வாசலில் எடைத்தாளோடு நின்ற தரைப் பணியாளர் சூசன் எட்டிப் பார்த்து, “நூத்தியெண்பது. டேலி அக்கா. கதவைச் சாத்திடலாமா?” என்றாள்.

எல்லாம் சரியாக இருந்தது. வாயிலில் ஸ்கேன் ஆனவர்கள் நூற்றெண்பது, எண்ணுமானியில் நூற்றெண்பது. அதில் ஒன்று தான் போட்டது என்பது தமயந்தி ஒருத்திக்குத்தான் தெரியும். அப்படியானால் உள்ளே இருப்பவர்கள் நூற்றெழுபத்தொன்பது பேர். வாயிலைத் தாண்டிய ஓர் ஆள் விமானத்துக்குள் இல்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது, அந்த ஆளைத் தவிர.

“சாத்தாதே” என்றாள். “ஒண்ணு குறையுது. நான் முன்னாடியே ஒரு தடவை அழுத்திட்டேன்.”

“தெரியாம பட்டுருச்சாக்கா?”

“தெரிஞ்சுதான்.”

சூசன் அவளைப் பார்த்தாள். பிறகு பார்க்காததுபோல வாக்கி டாக்கியைப் பார்த்தாள். தமயந்தி அதை வாங்கிக்கொண்டு, அவளைத் தாண்டி, விமானத்தை நிலையத்தோடு இணைக்கும் ஏரோபிரிட்ஜில் ஏறி நடந்தாள்.

வளைவில், மடக்கி வைத்த சக்கர நாற்காலிகளுக்குப் பக்கத்தில், வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக ஒரு பெரியவர் துணிப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். போனவர்கள் எல்லோரும் அவர் நாற்காலிக்குக் காத்திருக்கிறார் என்று நினைத்துப் போயிருக்கிறார்கள். பாஸில் குப்புராஜ், 22D என்றிருந்தது.

“ஐயா, எல்லாரும் ஏறியாச்சு. ஏன் இங்க நிக்கிறீங்க?”

“நீங்கதானுங்களே அம்முணி கேட்டீங்க, அவங்க வரலியான்னு.”

தமயந்திக்கு அந்த முகம் நினைவில்லை. அந்தக் கைகளும் நினைவில்லை.

“பதில் சொல்லலாம்னு வாயத் தொறந்தேனுங்க, நீங்க அடுத்தவரைப் பாத்துட்டீங்க. பின்னாடி ஆளுங்க தள்றாங்க. கேட்டவங்களுக்குப் பதில் சொல்லாம எப்படீங்க உள்ள போறது? சரி, ஒரு எட்டு பாத்துட்டே வந்து சொல்லலாம்னு இங்க வந்து நின்னுட்டேன்.”

“யாரு வரணும் உங்களுக்கு?”

“கிருஷ்ணவேணி. நம்ம சம்சாரமுங்க. தையோட ரெண்டு வருஷம் ஆகப்போவுதுங்க அவ போயி.” அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டுச் சேர்த்துச் சொன்னார், “எனக்குத் தெரியாமயில்லீங்க. நாந்தான் கொள்ளி வெச்சேன். ஆனா நீங்க கேட்டீங்க பாருங்க, இந்த ரெண்டு வருஷத்துல ஒருத்தரும் கேக்கலீங்க. நாம போற எடத்துல அவ வரலியான்னு கேட்டா நாம மனசு சங்கடப்படுவோம்னு வுட்டுடறாங்க. அவ எங்க போனாலும் பின்தங்கித்தானுங்க வருவா. வளையலக் கழட்டி, மாட்டி, யாரு கூடவாவது ரெண்டு வார்த்த பேசி.”

வாக்கி டாக்கி தமயந்தியின் பெயரைச் சொல்லிக் கரகரத்தது. அவள் அதன் குரலைக் குறைத்தாள். பெரியவர் பார்த்த திசையில், நீண்டு கிடந்த வெறும் கம்பளத்தில், தானும் பார்த்தாள். ஒன்றரை வினாடி ஆயிற்று, பிறகு ஒரு நிமிடம் ஆயிற்று, பிறகு மூன்று நிமிடம்.

“அவங்க நல்லா சமைப்பாங்களா?” என்று கேட்டாள், வேறு எதுவும் கேட்கத் தோன்றாமல்.

“சுமாருங்க” என்றார் குப்புராஜ். “சரி, வாங்க போலாம். மத்தவங்களுக்கு நேரமாவுதில்லீங்க.”

உள்ளே அவரை இருபத்திரண்டாம் வரிசை வரை கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு, எண்ணுமானியைத் திருகிச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, சூசனின் கண்முன்னால், கடைசி வரிசையிலிருந்து எண்ணினாள். பிறகு எண்ணுமானியைச் சூசனிடமே கொடுத்து அவளையும் எண்ணச் சொன்னாள். நூற்றெண்பத்தொன்று. இரண்டு பேருக்கும்.

“அக்கா!” என்றாள் சூசன். “உங்களுக்கும் வந்துட்டாங்க!”

பதினோரு வருடத்தில் அன்று முதல்முறையாகத் தமயந்தியின் முகம் வேலைக்கு இல்லாமல் சிரித்தது. அந்தச் சிரிப்பு சூசன் புதிய எடைத்தாளை அச்சடித்துக் கொண்டுவரும்வரை இருந்தது. கடைசி வரியில் இருந்தது, ‘பெனிலா: 1.’

“இதை மாத்து. பெனிலா இன்னிக்கு லீவு. இவங்களை ஏத்தினது நான்.”

“சிஸ்டத்துல அந்தக் கட்டத்துக்குப் பேரே அதுதான்க்கா. நீங்க ஏத்தினாலும் அதுலதான் போடணும்.”

விமானம் பதினாறு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. கோவையில் இறங்கும்போது குப்புராஜ் தனக்குப் பின்னால் ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டு மெதுவாக நடந்துபோனார். வாசலில் நின்று, “போய்ட்டு வர்றோமுங்க” என்றார். தமயந்தி சரியான அளவில் புன்னகைத்தாள். அவள் மனதில் அந்த எடைத்தாள்தான் இருந்தது.

தாமதத்துக்கு அறிக்கை எழுத வேண்டும். அறைக்குப் போய் எழுதினாள். எண்ணும் முன்பு வேண்டுமென்றே ஒருமுறை அழுத்தியதை மறைக்காமல் எழுதினாள். பயணி ஒருவர் ஏரோபிரிட்ஜில் நின்றுவிட்டதை எழுதினாள், காரணம் கதவில் தான் கேட்ட கேள்வி என்று எழுதினாள். அதோடு கையெழுத்துப் போட்டிருக்கலாம். பேனாவை மூடிவிட்டு, மறுபடி திறந்து, இன்னொரு வாக்கியம் எழுதினாள்: ‘இக்கேள்வி கையேட்டில் இல்லாதது, இதைப் பெனிலா கடந்த மார்ச் முதல் ஒவ்வொரு விமானத்திலும் பயணிகளிடம் கேட்டு வருகிறார், நான் அவரிடமிருந்தே கற்றேன்.’ அதில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை.

தானாக முன்வந்து பிழையைச் சொல்பவருக்குத் தண்டனை கிடையாது என்பது விமானத் துறையின் வழக்கம். வேதமூர்த்தி அவளைப் பாராட்டினார். கதவு மூடும் முன் ஒரு பயணி காணாமல் போகக் காரணமான கேள்வியைப் பாதுகாப்புப் பிரிவு மூன்று நாள் ஆராய்ந்தது. பெனிலாவைக் கூப்பிட்டு விசாரித்தபோது அவள், “ஆமா சார், கேக்கதுதான், இனி கேக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து தமயந்தியைப் பார்த்து, “எக்கா, அந்தத் தாத்தா கோவைக்கு நல்லபடியா போய்ச் சேந்தாரா?” என்று மட்டும் கேட்டாள். தமயந்தி தலையசைத்தாள்.

பீளமேட்டு அம்மாள் டிசம்பர் கடைசி வெள்ளி வரை வந்தாள்.

2019 ஜனவரி 7, திங்கட்கிழமை, விமானத்தின் கதவில் பயணிகளிடம் உடன் வராதவர்களைப் பற்றி எந்தக் கேள்வியும் கேட்கக் கூடாது என்ற சுற்றறிக்கை அமலுக்கு வந்தது. அன்று தமயந்தி முன்கதவுப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றாள், பெனிலா பின்கதவுக்கு மாற்றப்பட்டாள். காலை ஐந்து ஐம்பதுக்குக் கோவையிலிருந்து கிளம்பிய விமானத்தில் நூற்றெண்பது பேர் இருந்தார்கள்.